12 வயதுப் பிள்ளைகளின் பல் கணக்கெடுப்பு: ஒரு சந்தேகம், உதவுங்கள்

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையில டிஎம்எஃப்டி எடுக்கிறம். சூத்தை, சூத்தையால் இழந்தது, அடைத்தது என்று நிரந்தரப் பற்களை எண்ணிக் கூட்டி, பிறகு பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுப்பதுதானே.

ஒரு பிள்ளைக்கு நான் 3 போட்டேன், கூட வந்தவர் 6 போட்டிருக்கிறார். அடைத்த கடைவாய்ப்பல் ஒன்றின் ஓரத்தில் கம்பியை வைத்தால் மெதுமெதுவென்று உள்ளே போகிறது, அதைச் சூத்தையில் மட்டும் சேர்த்தேன். அவர் அடைத்ததிலும் சேர்த்துவிட்டார். கிளிப் போடக் கழற்றிய 2 முன்கடைவாய்ப் பற்களையும் இழந்ததில் எண்ணியிருக்கிறார், இந்த வயதில் அது வராது. மிச்சம் நல்லாயிருக்கும் அடைப்பு ஒன்று, சூத்தையால் பிடுங்கியது ஒன்று.

சரி, பல் ஏன் போனது என்று பிள்ளைக்கே தெரியாவிட்டால் எப்படிப் பதிகிறீர்கள்? பெற்றோரிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல்வீர்களா? கள அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.