சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கும் பெண்: ஃபாஃப்சாவில் யாருடைய வருமானம்?

சாந்தி, நியூஜெர்சி: என் கணவரின் அண்ணன் மகளுக்கு 19 வயசு, கிரீன்கார்டு இருக்கு. அப்பா இல்லை, அம்மா கோவையில் பள்ளி ஆசிரியை. படிப்பு, சாப்பாடு எல்லாம் எங்க வீட்டில்தான், என் கணவர்தான் டாக்ஸில் அவளை டிபென்டன்ட்டாகக் காட்டுகிறார். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பமான 2026-27 ஃபாஃப்சாவில் எங்க வருமானத்தைத்தானே போடணும்?

குமரன்: ஆமாம், டாக்ஸில் யார் காட்டுறாங்களோ அவங்கதான் பெற்றோர் கணக்கு.

மீனாட்சி, கல்லூரி நிதியுதவி அலுவலகம்: இல்லைங்க குமரன். டாக்ஸ் டிபென்டன்ட் வேறு, ஃபாஃப்சா டிபென்டன்ட் வேறு. சட்டப்படி தத்தெடுக்காத வரை சித்தப்பா பெற்றோர் ஆகமாட்டார். அவர் சம்பளத்தைப் போட்டால் விண்ணப்பமே தப்பாகிவிடும், உதவித்தொகையும் தேவையில்லாமல் குறையும்.

2003 ஜனவரி 1-க்கு முன் பிறந்திருந்தால், திருமணமாகியிருந்தால், 13 வயதான பிறகு பெற்றோர் இருவருமே உயிருடன் இல்லையென்றால், பெற்றோர் விவரம் தேவையில்லாத இன்டிபென்டன்ட். இன்னும் சில காரணங்கள் உண்டு, ஆனால் தனி வீடு, சொந்தச் சம்பாத்தியம் எதுவும் அதில் சேராது. இந்தப் பெண்ணுக்கு அம்மா இருப்பதால் டிபென்டன்ட்தான்.

குமரன்: அப்போ அம்மா ஒரு நோட்டரி கடிதம் எழுதி, சித்தப்பாவைக் கார்டியன் ஆக்கினால்?

மீனாட்சி: நோட்டரி கடிதம் செல்லாது. மாணவர் வசிக்கும் மாநில நீதிமன்றம் ஆணை போட்டிருக்கணும். 18 வயசுக்குள் அப்படி ஆணை வாங்கியிருந்தால் அவள் இன்டிபென்டன்ட், அம்மா வருமானத்தையோ சித்தப்பா வருமானத்தையோ கேட்க மாட்டார்கள். இப்போது அந்த வழி இல்லை.

ரஹீம், சென்னை: என் பையன் எஃப்-1 விசாவில் இருக்கான். என் ஃபார்ம் 16 போதுமா?

மீனாட்சி: எஃப்-1-க்கு அமெரிக்க மத்திய அரசு உதவியே கிடையாதுங்க. கல்லூரி தன் சொந்தப் பணத்தில் தருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்.

சாந்தி, அந்த அம்மா StudentAid.gov-ல் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை என்று குறித்துக் கணக்குத் தொடங்கலாம். மகள் தன் விண்ணப்பத்திலிருந்து அழைப்பு அனுப்பணும். அமெரிக்காவில் டாக்ஸே கட்டாதவராக இருந்தாலும், டாக்ஸ் விவரத்தைப் பெற அம்மா அதில் சம்மதம் தந்தாகணும். பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்: சம்மதம் இல்லாவிட்டால் மத்திய உதவிக்குத் தகுதியே போய்விடும்.

கேட்பது 2024 வருமானம். நம்ம ஊர்க் கணக்கு ஏப்ரலில் தொடங்குவதால், 2024-இன் ஒன்பது மாதம் அடங்கும் 2024-25 நிதியாண்டை எடுங்கள். ஐ.டி. ரிட்டர்னில் அதற்கு ‘2025-26 மதிப்பீட்டு ஆண்டு’ என்றிருக்கும்; அந்த எண்ணைப் பார்த்து முந்தைய ரிட்டர்னை எடுத்துவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில் டாலராக்கணும். 85 ரூபாய் என்றால் 10,20,000 ரூபாய் 12,000 டாலர். ரிட்டர்ன், ஃபார்ம் 16 இரண்டையும் பத்திரமாக வையுங்கள், கல்லூரி சரிபார்ப்புக்குக் கேட்கலாம்.

சாந்தி: அவங்க அம்மா விவரம் தர மறுத்தால்?

மீனாட்சி: மறுப்பதாலேயே இன்டிபென்டன்ட் ஆகமுடியாது. கல்லூரி ஒப்புக்கொண்டால் முதலாண்டில் 5,500 டாலர் வரை மானியமில்லாக் கடன் மட்டும் கிடைக்கும்.

குமரன்: தன் சொந்த உதவித்தொகைக்குச் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற தனி விண்ணப்பம் கேட்கும் கல்லூரியில் சித்தப்பா தரும் பணத்தைக் கேட்பார்களா?

மீனாட்சி: அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எந்தக் கல்லூரி என்று சொல்லுங்கள் சாந்தி.