பில்லிங் மென்பொருள்: நிரந்தர இலவசமா, 14 நாள் சோதனையா?

கடைக்கணக்கு: சின்னக் கடைகளுக்கான ஜிஎஸ்டி பில்லிங் மென்பொருள், மாதம் 499 ரூபாய். தளத்துக்கு மாதம் 10,000 பேர் வருகிறார்கள். இலவசத் திட்டம் வைக்கலாமா, 14 நாள் சோதனையா? இலவசம் என்றால் பத்து சதவீதமாவது கட்டணத்துக்கு மாறமாட்டார்களா?

ரவி_ஆர்: இலவசம்தான். டிராப்பாக்ஸ் அப்படித்தான் வளர்ந்தது.

முத்துவேல்: 2018இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது டிராப்பாக்ஸ் காட்டிய கணக்கு: பதிவு செய்தவர்கள் 50 கோடி, காசு கட்டியவர்கள் 1.1 கோடி. நூற்றுக்கு இரண்டு சொச்சம். அங்கே ஒருவர் ஃபோல்டரைப் பகிர்ந்தால் இன்னொருவர் உள்ளே வருவார். உங்கள் கடைக்காரர் எதிர்க்கடைக்காரரைக் கூட்டிவருவாரா?

3% வைத்துக்கொள்வோம். இலவசம் என்றால் 10,000 பேரில் 600 பேர் பதிவு செய்யலாம், 18 பேர் காசு கட்டுவார்கள். கார்டு கேட்காத சோதனைக்கு 300 பேர் வந்து 12% மாறினால் 36 பேர். கார்டு கேட்டால் 100 பேர்தான் வருவார்கள், ஆனால் 40% தங்கலாம், 40 பேர். எல்லாம் ஊகம்தான், உங்கள் எண் வந்ததும் மாற்றுங்கள். ஆனால் தளத்துக்கு வந்த தலைகளிலிருந்தே எண்ணுங்கள். 3%, 12%, 40% என்று தனியே ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள்.

ரவி_ஆர்: அந்த 18 முதல் மாதத்துக்குத்தானே? இலவசத்தில் இருப்பவர் ஆறு மாதம் கழித்தும் கட்டுவார்.

முத்துவேல்: உண்மைதான். அதனால் சேர்ந்த மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மாதக் கூட்டத்தையும் ஓராண்டு பாருங்கள். நான் வைத்த 3% ஓராண்டு முழுமைக்கும்தான். அதற்குள் 7,000 இலவசக் கணக்குகள் சேர்ந்துவிடும். பாதி தூங்கும், செலவில்லை. மீதி ஆட்கள் வரித் தாக்கல் நேரத்தில் உங்களுக்குத்தான் போன் போடுவார்கள்.

சுதா_மதுரை: டியூஷன் செயலி நடத்துகிறோம். நாங்கள் சோதனைக்கே 99 ரூபாய் வாங்குகிறோம். கட்டியவர் மாணவர் பட்டியலை அன்றே ஏற்றிவிடுகிறார். சும்மா வந்தவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

முத்துவேல்: அவர் கேட்டது அதுவல்ல, ஆனாலும் நல்ல வழி. நான் சொன்ன 40-ஐயும் அப்படியே நம்பாதீர்கள். வெளிநாட்டில் அதில் பலர் ரத்துசெய்ய மறந்தவர்கள். இங்கே 2021 அக்டோபரிலிருந்து தானாகப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்பவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மறந்தவருக்கும் ஞாபகம் வந்துவிடும். நானாக இருந்தால் 25% என்றே போடுவேன், 25 பேர். அப்போது கார்டு கேட்காத சோதனைதான் முந்துகிறது.

ரவி_ஆர்: சரி, மாதம் 20 பில் வரை இலவசம் என்று வைத்தால்?

கடைக்கணக்கு: எங்கள் கடைகளில் 20 பில் காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும் சார்.

ரவி_ஆர்: அப்போது 300 வைத்துப் பாருங்கள். இலவசத்தை நான் இன்னும் விடவில்லை.