680 யூனிட்டை ஒரே பில்லில் போட்டார்கள், குறைதீர் மன்றம் போனேன்

கடலோரம்: ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போயிருந்த நாளில் ரீடிங் எடுக்க வந்தவர் கேட் பூட்டியிருந்ததால் திரும்பிவிட்டார், அந்த முறை பழைய பில் தொகையையே போட்டார்கள். அடுத்த முறை வந்தபோது 12410இலிருந்து 13090 வரை 680 யூனிட், முழுவதும் ஒரே இரண்டு மாதக் கணக்கில். முன்பு கட்டிய தொகையைக் கழித்தார்கள், சரி. ஆனால் 500ஐத் தாண்டியதால் விகிதமே மாறிப்போனது. நான்கு மாதத்துக்குப் பிரித்தால் 340, 340 தானே?

பிரிவு அலுவலகத்தில் "பில் அதிகம்" என்று மட்டும் எழுதிக்கொடுத்தேன், அங்கேதான் தப்பு செய்தேன். மீட்டரைச் சோதித்துவிட்டு "சரியாக ஓடுகிறது" என்று நிராகரித்துக் கடிதம் கொடுத்தார்கள், நான் கேட்காத கேள்விக்குப் பதில்.

உப்புக்காற்று: மன்றம் போனால் தீர்ப்பு வரும்வரை ஒரு பைசா கட்ட வேண்டாம், ஃபியூஸைப் பிடுங்க முடியாது.

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்: தம்பி, அதை நம்பி யாரும் இருட்டில் உட்காராதீர்கள். மின்சாரச் சட்டம் 2003, 56ஆம் பிரிவின்படி, கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இரண்டில் குறைவானதை ஆட்சேபத்தோடு கட்டினால்தான் இணைப்பைத் துண்டிக்க முடியாது. "ஆட்சேபத்தோடு" என்று கடிதத்தில் எழுதி, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

கடலோரம்: அப்படியே சராசரியைக் கட்டினேன். அப்புறம் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் உள்ள மன்றத்துக்கு மனு. நிராகரிப்புக் கடிதம், இரண்டு பில், வெள்ளை அட்டையின் நகல் எல்லாம் இணைத்தேன். மனுவில் கேட்டது ஒன்றுதான்: 680ஐ இரண்டு கணக்காகப் பிரித்து மறுகணக்கீடு செய்யுங்கள். விசாரணையில் நானே பேசினேன். வெள்ளை அட்டையில் பூட்டியிருந்த தேதிக்கு நேரே ரீடிங் கட்டம் காலியாக இருந்ததைக் காட்டினேன், அதன்பிறகு மீட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரித்துப் போடச் சொல்லி உத்தரவு வந்தது.

இறால் பண்ணை: எங்கள் பண்ணையில் மின்திருட்டு என்று எழுதிப் பெரிய தொகை போட்டிருக்கிறார்கள். நானும் இந்த மன்றத்துக்கே போகலாமா?

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்: திருட்டு வழக்கை இங்கே எடுக்க மாட்டார்கள், அது தனிப் பாதை. உங்கள் நோட்டீஸில் எந்தப் பிரிவு என்று பாருங்கள், 126 என்றால் ஒரு வழி, 135 என்றால் வேறு வழி, அதற்கு வக்கீலைப் பாருங்கள். கடலோரத்துக்கு ஒன்று: மன்றத்தின் உத்தரவு சரியில்லை என்றால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் சென்னையில் மின்குறை தீர்ப்பாளரிடம் போகலாம்.

கடலோரம்: உத்தரவு சரிதான் அண்ணே. ஆனால் கூடுதலாகப் பிடித்ததை அடுத்த பில்லில் கழிப்பதாகச் சொல்லி இரண்டு பில் போய்விட்டது, இன்னும் கழியவில்லை. மறுபடி மன்றத்துக்கே எழுதுவதா, தீர்ப்பாளரிடம் போவதா?

உப்புக்காற்று: முதலில் உத்தரவு நகலோடு பிரிவு அலுவலகத்துக்கே எழுதிக்கொடுங்கள், முத்திரை வாங்குங்கள். மேலே நம்ம அண்ணன் சொன்னதுதான், கட்டவே வேண்டாம் என்றது என் தப்பு.