25.5 என்பது வருமானக் கணக்கே அல்ல

கரூர் செல்வம்: ஏற்றத்தாழ்வு ஏற்றத்தாழ்வு என்று இன்னும் எத்தனை நாள் அழுவீர்கள்? 2025 ஜூலையில் அரசே செய்திக் குறிப்பு வெளியிட்டுவிட்டது. ஏற்றத்தாழ்வை 0 முதல் 100 வரை அளக்கும் கினி எண் குறையக் குறையச் சமத்துவம் அதிகம்; அது இந்தியாவுக்கு 25.5, அமெரிக்காவுக்கு 41.8. சமத்துவத்தில் உலகில் நமக்கு நான்காவது இடம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மல்லிகா டீச்சர்: அந்த 25.5 குடும்பங்களின் செலவை வைத்துப் போட்டது. அமெரிக்காவின் 41.8 வருமானத்தை வைத்துப் போட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

ஒரு தெருவில் ஐந்து வீடுகள். மாத வருமானம் 10, 15, 20, 25, 130 ஆயிரம். ஏழை வீட்டிலிருந்து தொடங்கி மொத்த வருமானத்தில் ஒவ்வொரு வீட்டின் பங்கையும் கூட்டிக்கொண்டே போகும் லாரன்ஸ் வளைகோட்டை வரைபடத் தாளில் போட்டால், நான்கு வீடுகளைக் கடந்த பிறகும் கோடு 35 சதவீதத்தில்தான் நிற்கும். மிச்சம் முழுவதும் கடைசி வீட்டுக்கு. கினி 50 வரும். அதே வீடுகளின் செலவு 10, 14, 18, 22, 36 ஆயிரம் என்றால், நான்காவது வீட்டிலேயே கோடு 64-ஐத் தொட்டுவிடும். கினி 24. தெரு ஒன்றுதான், ஆட்களும் அவர்களேதான். கடைசி வீட்டுக்காரர் சேமித்த 94 ஆயிரம் படத்திலிருந்து காணாமல் போய்விட்டது.

கரூர் செல்வம்: ஐந்து வீட்டைக் கற்பனை செய்து 140 கோடிப் பேருக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். சீனாவுக்கும் உலக வங்கி செலவுக் கணக்குதான் போடுகிறது. அங்கே 35.7. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தறிக்காரன்: எனக்கு மூன்று வருடமாகக் கூலி ஏறவில்லை. அப்படியிருக்க கினி எப்படிக் குறையும்?

மல்லிகா டீச்சர்: தம்பி, ஊரில் எல்லாருடைய வருமானமும் பாதியானாலும் கினி அசையாது. அது பங்கைத்தான் பார்க்கும், தொகையைப் பார்க்காது. செல்வம், நான் கேட்டது செலவா, வருமானமா என்று.

தறிக்காரன்: கூலியே தெரியாத எண்ணை மக்களுக்கு எதற்குக் காட்டுகிறீர்கள்?

நெல்லை வாசகன்: டீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சீனாவைப் பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை. போன மாதம் விலைவாசி விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் நழுவினீர்கள்.

மல்லிகா டீச்சர்: நழுவவில்லை. அன்று என்னைப் பேசவிடாமல் செய்தது நீங்கள். செலவு என்றே எடுத்துக்கொண்டாலும், பெரிய பணக்காரர் வீட்டுக் கதவு கணக்கெடுப்பாளருக்குத் திறப்பது அரிது. வளைகோட்டின் வலது முனை அங்கேயே மழுங்கிவிடுகிறது.

கரூர் செல்வம்: சீனாவில் மட்டும் திறக்கிறார்களா?

மல்லிகா டீச்சர்: 25.5 வருமானமா, செலவா? ஒரே சொல்லில் எழுதுங்கள்.

கரூர் செல்வம்: 35.7. அதற்கு முதலில் எழுதுங்கள்.

நெல்லை வாசகன்: விலைவாசி விவாதத்தில் நான் யாரையும் தடுக்கவில்லை. அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது.