இரவு முறைக்கு மகளுக்கு ஒரு கடிதம்: திருத்திச் சொல்லுங்கள்

கடலூர், புதுச்சேரி அம்மாக்களே, பிரசவமாகி 6 வாரமான மகளுக்கு எழுதியது இது:

"கண்ணு, ஒன்பதரைக்குப் பால் கொடுத்துட்டுப் படு. 2 மணி வரைக்கும் பிள்ளை என் பொறுப்பு. பசிச்சு அழுதா, நீ பீய்ச்சி ஃபிரிட்ஜில் வச்ச பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வச்சு வெதுவெதுப்பாக்கி, பிள்ளையை நிமிர்த்திப் பிடிச்சுப் பாலாடையில் கொடுக்கிறேன். அடுப்பில் காய்ச்ச மாட்டேன். வாய் வச்ச மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள்ள கொட்டிடுவேன். தூங்கினா மல்லாக்கத்தான் படுக்க வைப்பேன். மார் கனத்தா பொறுத்துக்காதே, எழுந்து வந்துடு."

விடிய விடியத் தூங்கச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. இடைவெளி நீண்டால் பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும்.

சந்தேகம் ஒன்றுதான்: ராத்திரி கரண்ட் போனால், நம்மூர்ப் புழுக்கத்தில் ஃபிரிட்ஜ் பாலை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? ஐஸ் பெட்டி போதுமா?