உதவி: ஒரே சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் இரண்டு நிறங்காட்டிகளில் இரண்டு மதிப்பு தருகிறது. செயல்முறைத் தாளில் எதை மாற்றுவது?

கரைசல் அறை
வணக்கம். ஒரு கலைக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் கரைசல்கள் தயாரிப்பது என் வேலை. 0.1 N சோடியம் ஹைட்ராக்சைடுக்கு எங்களிடம் ஒரு பழைய செயல்முறைத் தாள் இருக்கிறது. அதன்படி 41 கிராம் வில்லைகளை வாலை வடிநீரில் கரைத்து, ஆறவிட்டு, 10 லிட்டராக்கிப் பிளாஸ்டிக் கேனில் ஊற்றி வைக்கிறோம். தயாரித்த அன்று ஆக்சாலிக் அமிலத் திட்டக் கரைசலுக்கு எதிராக, ஃபீனால்ஃப்தலீன் போட்டுத் தரம் பார்த்ததில் 0.0990 N கிடைத்தது. அதையே கேனில் எழுதி ஒட்டினோம்.

இரண்டு வாரத்தில் மூன்று அணி மாணவர்கள் செய்முறை முடித்த பிறகு குழப்பம் தொடங்கியது. 20 மி.லி. கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, 0.1000 N ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து விட்டால், ஃபீனால்ஃப்தலீனில் 19.40 மி.லி.யில் நிறம் போகிறது. மெத்தில் ஆரஞ்சில் 20.00 மி.லி. வரை போகிறது. மாணவர்கள் எது சரி என்று கேட்கிறார்கள். பேராசிரியர் தாளைத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறார். எந்த வரியைத் திருத்துவது?

தேனி வேதியியல்
காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து கார்பனேட் ஆகிவிட்டது. காரணம் தண்ணீர்தான். வாலை வடிநீரைக் கொதிக்க வைக்காமல் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும். கால் மணி நேரம் கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்த தண்ணீரில் கரையுங்கள். கேனின் மூடியில் சோடா லைம் நிரப்பிய குழாய் ஒன்றையும் பொருத்துங்கள். பிரச்சினை தீர்ந்தது. அதுவரை மெத்தில் ஆரஞ்சு மதிப்பான 0.1000 என்பதையே கேனில் எழுதிவிடுங்கள், அதுதான் உண்மையான மொத்தக் காரம்.

பால் சங்கம்
எங்களுக்கும் இதே தொல்லை. பால் குளிரூட்டும் நிலையத்தில் N/10 கரைசலால் புளிப்பு பார்க்கிறோம். காலையில் சரியாக இருக்கும் பால், அதே சங்கத்திலிருந்து மாலையில் வரும்போது புளிப்பு அதிகம் காட்டுகிறது. 10 மி.லி. பாலுக்குக் காலையில் 1.6 மி.லி. போகிறது, மாலையில் 2.0 மி.லி. ஆகிவிடுகிறது. கரைசல்தான் கெட்டுப்போகிறது என்று புதிதாக வாங்கியும் பார்த்தோம். பால் ஊற்றுபவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

பழைய பியூரெட்
கார்பனேட் என்று தேனி நண்பர் சொன்னது சரி. தண்ணீரின் மீது பழி போட்டது சரியில்லை. அவரவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் இரண்டு அளவுகளுக்கும் இடையே 0.60 மி.லி. வித்தியாசம். ஃபீனால்ஃப்தலீன் நிறம் போகும்போது கார்பனேட் பாதி வழியில் பைகார்பனேட்டாக நிற்கிறது. மீதிப் பாதியை மெத்தில் ஆரஞ்சு வரை போனால்தான் அமிலம் தின்கிறது. ஆகவே அந்த 0.60 மி.லி. முழுவதும் கார்பனேட்டின் கணக்கு: 0.60 × 0.1 ÷ 20 = 0.0030 M. இது இன்றைய நிலை.

தயாரித்த அன்று என்ன இருந்தது? கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு உள்ளே வந்தாலும் மெத்தில் ஆரஞ்சு மதிப்பு மாறாது. இரண்டு ஹைட்ராக்சைடு போய் ஒரு கார்பனேட் வருகிறது, அந்தக் கார்பனேட் இரண்டு அமிலத்தை வாங்கிக்கொள்கிறது. எனவே அன்றும் மொத்தக் காரம் 0.1000 தான் என்று எடுத்துக்கொள்ளலாம். அன்று ஃபீனால்ஃப்தலீனில் 0.0990. அப்படியானால் அன்றே 0.0010 M கார்பனேட் இருந்திருக்கிறது. 10 லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். இது வில்லைகளோடு வந்தது. டப்பாவைத் திறந்து பாருங்கள், வில்லைகள் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும்.

காற்றோடு சமநிலையில் இருக்கும் சுத்தமான நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.00001 M. உங்கள் குறைபாட்டில் நூறில் ஒரு பங்கு. வாலையிலிருந்து அப்போதே இறக்கிய நீரில் இதைவிட அதிகம் இருக்கலாம், அதனால் கொதிக்க வைப்பதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த வழக்கில் குற்றவாளி அது இல்லை.

மீதி 0.0020 M இரண்டு வாரத்தில் வந்தது. சோடா லைம் குழாய் இதைத் தடுத்திருக்குமா? கேனில் இப்போது ஐந்தரை லிட்டர் மீதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு கார்பனேட் உண்டாக 270 மி.லி. வாயு தேவை. கரைசல் இறங்க இறங்க உள்ளே போன நான்கைந்து லிட்டர் காற்றில் இரண்டு மி.லி. கூட இருக்காது. மூடி வழியாக வரவில்லை. வேறு வழி இருக்கிறது. மாணவர்கள் மீந்த கரைசலை என்ன செய்கிறார்கள்?

கரைசல் அறை
ஐயா, மீதி ஐந்தரை லிட்டருக்குப் பக்கம்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் 150 மி.லி. பீக்கரில் வாங்கிச் செல்வார்கள். செய்முறை முடிந்ததும் மீந்ததைக் கேனிலேயே திரும்ப ஊற்றுவது இங்கே பல ஆண்டு வழக்கம், வீணாகக் கூடாது என்று. தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. டப்பாவில் வெள்ளைப் பொடி இருப்பதும் உண்மை.

பழைய பியூரெட்
அதுதான். கேனின் வாய் சிறியது, பீக்கரின் வாய் பெரியது. 100 மி.லி. கரைசலைப் பீக்கரில் ஊற்றி, மூடாமல், செய்முறை நேரம் முழுவதும் மேசையில் வைத்துவிட்டு, பிறகு இரண்டு நிறங்காட்டிகளிலும் பாருங்கள். முடிவை இங்கே எழுதுங்கள்.

பால் சங்கத்து அம்மா கேட்டது வேறு விஷயம். கார்பனேட்டால் கரைசல் 3 சதவீதம் நீர்த்தாலும் உங்கள் 1.6 மி.லி. 1.65 ஆகும், 2.0 ஆகாது. மாலைப் பால் நிலையத்துக்கு வர எவ்வளவு நேரமாகிறது, எந்த வெயிலில் நிற்கிறது என்று பாருங்கள். பால் உண்மையிலேயே புளித்திருக்கலாம்.

பால் சங்கம்
அதைச் சங்கத்தில் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். ஆனாலும் வண்டி வரும் நேரத்தைக் குறித்து வைக்கிறேன், நன்றி ஐயா.

தேனி வேதியியல்
தண்ணீர் விஷயத்தில் கணக்கை ஏற்கிறேன். ஆனால் மெத்தில் ஆரஞ்சு மதிப்பு மாறாது என்றால், அதையே எழுதி ஒட்டுவதில் என்ன தவறு?

பழைய பியூரெட்
ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெத்தில் ஆரஞ்சில் மட்டும் தரம் பார்ப்பதானால் தவறே இல்லை. ஆனால் கல்லூரியில் இந்தக் கரைசல் ஆக்சாலிக் அமிலத்துக்கும் போகும், வினிகரில் அசிட்டிக் அமிலம் பார்ப்பதற்கும் போகும். அவை மென்மையான அமிலங்கள், மெத்தில் ஆரஞ்சு அங்கே உதவாது. ஃபீனால்ஃப்தலீனில் செய்யும் மாணவர் கையில் 0.1000 என்று கொடுத்தால், 3 சதவீதப் பிழையைக் கையோடு கொடுத்தது போல. எந்த நிறங்காட்டியில் பயன்படுத்தப் போகிறோமோ அதில்தான் தரம் பார்க்க வேண்டும். கேனில் மதிப்போடு நிறங்காட்டியின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும்.

முதுநிலை மாணவி
எங்கள் ஆய்வகத்தில் வில்லையை நேராகக் கரைப்பதே இல்லை. 50 சதவீதக் கரைசல் செய்து வைத்து அதிலிருந்து எடுக்கிறோம். சோடியம் கார்பனேட் அந்தச் செறிவில் கரையாமல் அடியில் தங்கிவிடும். 100 கிராம் வில்லையைத் தடித்த பிளாஸ்டிக் பீக்கரில் 100 மி.லி. தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். தண்ணீரை வில்லையின் மேல் ஊற்றக்கூடாது, தெறிக்கும். கொதிக்கும் அளவுக்குச் சூடாகும் என்பதால் பீக்கரைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக்கொள்வோம். முகக்கவசக் கண்ணாடி இல்லாமல் இதை யாரும் தொட எங்கள் மேடம் விடமாட்டார். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், அமிலம் போட்டு முறிக்க நினைக்கக் கூடாது.

பாலித்தீன் புட்டியில் மூடி ஒரு வாரம் அசைக்காமல் வைத்தால் மேலே தெளிந்துவிடும். தெளிவிலிருந்து லிட்டருக்கு 5.3 மி.லி. பிப்பெட்டில் ரப்பர் குமிழ் வைத்து எடுத்தால் 0.1 N பக்கத்தில் வரும். அடியில் இருக்கும் வண்டலைக் கலக்காமல் எடுப்பதுதான் சிரமம், அது பாகு போல இருக்கும், மெதுவாக ஏறும். ஊட்டி மாதிரிக் குளிர் ஊர்களில் புட்டிக்குள் கட்டியாகவும் வாய்ப்பு உண்டு.

தரம் பார்க்க நாங்கள் ஆக்சாலிக் அமிலத்தை விட்டுவிட்டோம். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி எடைபோடுகிறோம். ஆக்சாலிக் அமிலத்தை அப்படி உலர்த்த முடியாது, படிக நீர் போய்விடும்.

தேனி வேதியியல்
தாலேட் நல்லதுதான், ஆனால் விலையைப் பார்த்தீர்களா? இளநிலை வகுப்புக்கு ஆக்சாலிக் அமிலம் போதும். படிகம் பொடியாக உதிராமல் இருந்தால் அதில் பிழை ஒன்றும் பெரிதாக வராது.

முதுநிலை மாணவி
மாணவர்களுக்கு ஆக்சாலிக் அமிலம் கொடுங்கள் சார், கேனின் மதிப்பைக் கண்டுபிடிக்க மட்டும் தாலேட். ஒரு தடவைக்கு அரை கிராம்தான் ஆகிறது.

கரைசல் அறை
பீக்கர் சோதனை முடிந்தது. கேனிலிருந்து 100 மி.லி. எடுத்து மூன்று மணி நேரம் திறந்து வைத்தேன். ஃபீனால்ஃப்தலீனில் 18.80, மெத்தில் ஆரஞ்சில் 20.05. வித்தியாசம் 0.60இலிருந்து 1.25 ஆகிவிட்டது. திரும்ப ஊற்றுவது அன்றோடு நிறுத்தப்பட்டது. மீந்ததைச் சேகரிக்க மேசைக்குத் தனி வாளி வைத்தாயிற்று.

தங்கை சொன்ன முறையில் 53 மி.லி. தெளிவை 10 லிட்டராக்கினேன். தாலேட் 0.5106 கிராம், கரைசல் 24.75 மி.லி., ஆகவே 510.6 ÷ 204.22 ÷ 24.75 = 0.1010 N. அமிலத்தோடு சரிபார்த்ததில் 20.20, 20.25. ஒரு துளி வித்தியாசம்தான். தாளில் எழுதியது: தெளிவுக் கரைசலிலிருந்து எடுக்கவும், மாணவருக்கு மூடியுள்ள குடுவையில் தரவும், கேனுக்குத் திரும்ப ஊற்றக்கூடாது, வாரம் ஒரு முறை ஃபீனால்ஃப்தலீனில் தரம் பார்த்துத் தேதியோடு ஒட்டவும்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. பிளாஸ்டிக் கேனுக்குப் பதில் கண்ணாடிப் புட்டி வாங்கலாமா என்று பேராசிரியர் கேட்கிறார். பிளாஸ்டிக் சுவர் வழியாகவே வாயு கசியும் என்கிறார்.

பழைய பியூரெட்
வேண்டாம். காரம் கண்ணாடியை அரிக்கும், தேய்த்த கண்ணாடி மூடி போட்டால் ஒரு மாதத்தில் ஒட்டிக்கொண்டு திறக்காது. பியூரெட்டில் கண்ணாடித் திருகு இருந்தால் செய்முறை முடிந்ததும் கழுவாமல் விட்டாலே போதும், அடுத்த வாரம் திருகு அசையாது.

தேனி வேதியியல்
பேராசிரியர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. மெல்லிய பாலித்தீன் வழியாக வாயு கொஞ்சம் போகத்தான் செய்யும். கண்ணாடிப் புட்டியில் ரப்பர் அடைப்பான் போட்டு நான் பல பருவங்கள் வைத்திருக்கிறேன், ஒட்டவில்லை.

பழைய பியூரெட்
வாரா வாரம் தரம் பார்ப்பதானால் அந்தக் கசிவு அளவிலேயே தெரியாது. தடித்த கேனாக வாங்கினால் போதும் என்பது என் கருத்து. பந்தயம் கட்டுவதானால் இரண்டிலும் ஒரு லிட்டர் வைத்துப் பருவம் முடிவில் பார்க்கட்டும்.

கரைசல் அறை
வைக்கிறேன். பழைய ஐந்தரை லிட்டரை என்ன செய்வது?

முதுநிலை மாணவி
முதலாண்டு உப்புப் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள் அண்ணா. அங்கே அலுமினியம் கரைகிறதா, துத்தநாகம் கரைகிறதா என்றுதான் பார்ப்பார்கள், நார்மாலிட்டி யாரும் கேட்கமாட்டார்கள். புட்டியில் “தரம் பார்க்காதது” என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.