கலைச்சொல் தேவை: நீண்ட உரையாடலில் மாதிரி முதல் கட்டளையை மீறுவதற்கு

பூங்கோதை:
வணக்கம். மொழி மாதிரிகளுக்கான சொற்பட்டியலில் ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஒரு மென்பொருள் கையேட்டைத் தமிழாக்க, தொடக்கத்திலேயே மாதிரியிடம் 'எங்கும் கோப்பு என்றே எழுது, ஃபைல் வேண்டாம்' என்று சொல்லியிருந்தேன். சில பக்கங்கள் ஒழுங்காகப் போயின. அப்புறம் 'ஃபைலைத் திறக்கவும்' என்று வந்தது. சொன்னால் மன்னிப்புக் கேட்டுத் திருத்துகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஃபைல். இதற்கு 'கட்டளை மறதி' என்று வைக்கலாமா?

இராசேந்திரன்:
தாராளமாக வைக்கலாம். மாதிரி ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரைக்கு ஓர் அளவு உண்டு, அதுதான் சூழல் சாளரம். அது நிரம்பினால் பழைய செய்திகளைச் சில செயலிகள் வெட்டிவிடும், அப்போது முதல் கட்டளைதான் முதலில் போகும். தமிழில் சீக்கிரமே நிரம்பும். பல மாதிரிகளில் ஒரு தமிழ் எழுத்தே ஒன்றுக்கு மேற்பட்ட டோக்கன்களாக, அதாவது மாதிரி உரையை எண்ணும் சிறு துண்டுகளாக, உடைகிறது.

திருநாவுக்கரசு:
எனக்கும் இதே தொல்லை. வினாத்தாள் எப்படி இருக்க வேண்டும் என்று நேற்று விளக்கமாகச் சொன்னேன். இன்று புதிய உரையாடல் திறந்தால் எதுவும் தெரியாதது போல் பேசுகிறது. மறதி என்பதே சரி.

கௌதம்:
ஐயா, உங்களுடையது வேறு. நாம் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அந்த உரையாடல் மேலிருந்து கீழ்வரை மறுபடி மாதிரிக்குப் போகிறது. அதை வைத்துத்தான் பதில். நினைவு வசதி இல்லாத செயலியில், புதிய உரையாடலுக்கு நேற்றைய பேச்சு போகவே போகாது.

இராசேந்திரன் அண்ணன் சொல்வதும் நடப்பதுதான். ஆனால் பூங்கோதைக்கு நடந்தது அதுதானா என்று பார்க்க வேண்டும். முதல் செய்தியில் சொன்னதை அப்படியே எடுத்து எழுதச் சொல்லுங்கள். ஃபைல் விதியைக் கேட்காதீர்கள், அதை நீங்கள் பின்னால் திருத்தும்போதும் சொல்லியிருப்பீர்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை மட்டும் சொன்ன ஏதாவதைக் கேளுங்கள்.

பூங்கோதை:
'பின்னிணைப்பைத் தொடாதே' என்று அங்கே மட்டும்தான் சொல்லியிருந்தேன். கேட்டதும் சொல் மாறாமல் திருப்பிச் சொல்லிவிட்டது. அடுத்த பத்தியிலேயே ஃபைல்!

கௌதம்:
அப்படியானால் கட்டளை வெட்டுப்படவில்லை, கண் முன்னேதான் இருக்கிறது. அதன் இழுவிசைதான் குறைந்துவிட்டது. அடுத்த சொல்லை எழுதுமுன் மாதிரி முந்தைய சொற்களுக்கெல்லாம் கவனத்தைப் பங்கு போடுகிறது. மொத்தக் கவனம் மாறாது, எனவே உரை நீள நீள அந்த ஒரு வரிக்குக் கிடைக்கும் பங்கு சுருங்க வாய்ப்பு அதிகம். ஆனால் நீளம் மட்டுமே இப்படிச் செய்யாது. முதல் ஃபைல் வருவதற்கு முன் எதையாவது ஒட்டினீர்களா?

பூங்கோதை:
ஆமாம், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய பதிப்பின் தமிழாக்கத்தில் இரண்டு பக்கம் ஒட்டினேன். அதில் எல்லாமே ஃபைல்தான்.

கௌதம்:
அதுதான் காரணமாக இருக்கும். விதி எங்கோ மேலே ஒரே வரியில் இருக்கிறது, மாற்று வழக்கு பக்கத்திலேயே திரும்பத் திரும்ப வருகிறது. மாதிரி அந்த வழக்கைப் பின்பற்றத் தொடங்கிவிடுகிறது. ஒருமுறை ஃபைல் என்று எழுதிவிட்டால் அதுவும் உரையாடலில் சேர்ந்து அடுத்த பதிலுக்கு முன்னுதாரணம் ஆகிறது. 'ஃபைல் என்று எழுதியதற்கு மன்னிக்கவும்' என்ற வரிகூட இன்னொரு ஃபைலைச் சேர்க்கிறது. அதனால் வாதாடுவதில் பயன் குறைவு. பழைய பதிப்பை ஒட்டிய செய்திக்கே திரும்பிப் போய், அதைத் திருத்தி அனுப்புங்கள், அங்கிருந்து பிரியும் புதிய கிளையில் பிழையான பதில்கள் இருக்காது. ஒவ்வொரு வேண்டுகோளின் கடைசியிலும் விதியை ஒரு வரியில் சேருங்கள். அத்தியாயத்துக்கு ஓர் உரையாடல் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

'மறதி' என்று வைத்தால் இந்த இரண்டு கோளாறும் ஒன்றாகிவிடும், மருந்து வேறு வேறு. அண்ணன் சொன்னதற்குச் 'சூழல் துண்டிப்பு', இதற்குக் 'கட்டளை வழுவல்' என்று பிரிக்கலாம். நெறி வழுவினான் என்றால் நெறி அவனுக்குத் தெரியும் என்பது உள்ளே இருக்கிறதே.

இராசேந்திரன்:
துண்டிப்பு சரி. ஆனால் மென்பொருள் பிழைக்கு ஏற்கெனவே 'வழு' என்கிறோம், இரண்டும் குழம்பும். கட்டளையின் வீரியம் குறைகிறது என்கிறீர்கள், அதற்குக் 'கட்டளை நீர்த்தல்' பொருந்தும்.

கௌதம்:
நீர்த்தல் நீளத்தால் வருவதை மட்டும்தான் சொல்கிறது அண்ணா. பூங்கோதைக்கு ஒட்டிய உரை இழுத்தது, அது படிப்படியாகவும் நடக்கவில்லை.

திருநாவுக்கரசு:
என்னுடையது வேறு என்பது புரிந்தது. வழுவல் என்றால் மாதிரி வேண்டுமென்றே நெறி தவறியது போலத் தொனிக்கிறதே. 'கட்டளை நழுவல்' என்றால்? பிடி நழுவுவதில் யாருடைய விருப்பமும் இல்லை.

பூங்கோதை:
ஐயா, வினையாக்கிப் பார்த்தால் இரண்டும் வேறாகின்றன. 'மாதிரி கட்டளையிலிருந்து வழுவியது' என்பதில் எழுவாய் மாதிரி. 'கட்டளை நழுவியது' என்றால் கட்டளையே காணாமல் போனது போல ஆகிவிடுகிறது, அது துண்டிப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். துண்டிப்பை இன்றே பட்டியலில் ஏற்றுகிறேன். வழுவல், நீர்த்தல், நழுவல் மூன்றையும் கேள்விக்குறியோடு வைக்கிறேன். நீங்கள் எழுதும் கட்டுரைகளில் ஆளுக்கு ஒன்றைப் பயன்படுத்திப் பாருங்கள்.